எழ மறுக்கும் தொடைகள்

ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ தோல் கொப்புள நோய்க்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இப்படி ஒரு புதிர் அடிக்கடி எழும். சமதரையில் தெருக்கோடி வரை நடந்து போய்த் திரும்புகிறார். கைப்பிடி தளரவில்லை, தேங்காய் உடைக்கிறார், ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருகித் திறக்கிறார். வலி என்று எதுவும் சொல்வதில்லை. ஆனால் சோபாவில் உட்கார்ந்துவிட்டால் எழுப்பிவிட ஆள் வேண்டும். டவுன் பஸ்ஸின் முதல் படியில் ஏறக் கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்க வேண்டியிருக்கிறது. ரத்தப் பரிசோதனை செய்தால் தசை சம்பந்தமாக ஒரு குறையும் தெரிவதில்லை. வயதாகிவிட்டது, சோம்பல் வந்துவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இதற்கு ஸ்டீராய்டு தசைநலிவு என்று பெயர். நடக்க முடிகிற கால் எழ மறுப்பது ஏன், பரிசோதனை ஏன் எதையும் காட்டுவதில்லை, போன பலம் திரும்புமா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தொடைத் தசையின் அமைப்பிலேயே இருக்கிறது.

நாற்காலி முதலில் காட்டிக்கொடுக்கிறது

நாற்காலியிலிருந்து எழுவது நமக்கு ஒரு வேலையாகவே தோன்றாது. தொடையின் முன்பக்கத் தசைக்கோ அது பெரிய வேலை. மடங்கிய முழங்காலை நிமிர்த்தி, கிட்டத்தட்ட முழு உடம்பையும் மேலே தூக்க வேண்டும். இளைஞர் ஒருவர் இதற்குத் தன் தொடை பலத்தில் 40 சதவீதத்துக்குச் சற்று மேல் செலவழிக்கிறார். எழுபதை ஒட்டிய வயதில் அதே வேலைக்கு 80 சதவீதம் வரை தேவைப்படுகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். முதியவரின் கையிருப்பில் மீதி இருப்பது ஐந்தில் ஒரு பங்குதான்.

இப்போது அந்த முதியவரின் முழு பலத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். எழ 80 வேண்டும். மாத்திரையால் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து 90, 85 என்று வருகிற வரை அவருக்கும் தெரியாது, மற்றவருக்கும் தெரியாது. 80-க்குக் கீழே இறங்குகிற அன்று எழ முடியாமல் போகிறது. நேற்று வரை நன்றாக இருந்தேன், இன்று காலைதான் இப்படி என்று நோயாளி சொல்வது அவர் அனுபவப்படி உண்மை. நலிவு பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். சமதரையில் நடக்க இதைவிட மிகக் குறைந்த பலம் போதும் என்பதால் நடை மட்டும் அப்படியே இருக்கிறது.

மருத்துவரும் இங்கே ஏமாறக்கூடும். நோயாளியைப் படுக்க வைத்து, தூக்கிய காலைக் கையால் அழுத்திப் பார்ப்பது வழக்கம். தொடைத் தசை மனித உடம்பின் மிகப் பெரிய தசைகளில் ஒன்று. கணிசமாக இளைத்த பிறகும் அது டாக்டரின் கையைத் தோற்கடித்துவிடும். 'பலம் சரியாக இருக்கிறது' என்று சீட்டில் எழுதப்படும். அதனால் இந்த நோயைச் சந்தேகிக்கிறவர்கள் வேறொரு சோதனையைச் செய்வார்கள். கைப்பிடி இல்லாத, சாதாரண உயர நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். 15 விநாடிக்கு மேல் போனாலே தொடையைக் கவனிக்க வேண்டும். ஒருமுறைகூட எழ முடியாவிட்டால் கேள்விக்கே இடமில்லை.

உடம்பின் பஞ்சக் கட்டளை

ஸ்டீராய்டு என்றாலே ஜிம்மில் உடம்பை ஏற்றுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசிதான் பலர் நினைவுக்கு வரும். அது ஆண் ஹார்மோனின் வகை, தசையை வளர்க்கும். பிரெட்னிசொலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் ஆகியவை வேறு குடும்பம். சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தரும் கார்டிசாலின் நகல்கள் இவை. தசையைப் பொறுத்தவரை இவற்றின் வேலை நேர் எதிரானது.

கார்டிசால் நெருக்கடிக்கால ஹார்மோன். பட்டினி கிடந்தாலும் மூளைக்குச் சர்க்கரை போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக அது தசையிலுள்ள புரதத்தைப் பிரித்தெடுத்து, கல்லீரலில் சர்க்கரையாக்கச் சொல்கிறது. மழை பொய்த்த ஆண்டில் குதிரைத் திறந்து சேமித்த நெல்லை அள்ளுவது போன்ற ஏற்பாடு. பஞ்சம் தீர்ந்ததும் குதிர் மறுபடி நிரம்பும். ஆனால் தினமும் காலையில் விழுங்கும் மாத்திரை, தட்டில் சோறு நிறைந்திருக்கும்போதும் பஞ்சம் பஞ்சம் என்றே உடம்புக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நம் சுரப்பி ஒரு நாளில் தருவது ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்குச் சமம். கடுமையான நோய்க்கு 60 மில்லிகிராம் கொடுக்கும்போது இயற்கை அளவைப்போல் பத்து மடங்குக்கும் மேல் போகிறோம். நோயை அடக்க அது தேவைப்படுகிறது. ஆனால் அதே அளவு தசைக்குள் இரண்டு வேலைகளைச் செய்கிறது. புதுப் புரதம் கட்டப்படுவது குறைகிறது. பழைய புரதத்தில் 'இதை உடைக்கலாம்' என்று அடையாளச் சீட்டு ஒட்டும் நொதிகள் பெருகுகின்றன. சீட்டு ஒட்டப்பட்ட புரதத்தைச் செல்லுக்குள் இருக்கும் சிதைப்பு உறுப்புகள் துண்டு துண்டாக்கிவிடுகின்றன. வரவு குறைந்து செலவு கூடியதால் இழைகள் நாளுக்கு நாள் மெலிகின்றன.

ஒருநாளைக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே பிரெட்னிசொலோன் எடுப்பவர்களிடம் இந்த நலிவு அபூர்வம். 40 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஒரு மாதத்தைத் தாண்டிப் போகும்போது அபாயம் தெளிவாகக் கூடுகிறது. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ட்ரையம்சினலோன் மூன்றும் ஃப்ளோரின் அணு சேர்ந்த வகைகள். இவை தசையை இன்னும் விரைவாகக் கரைக்கின்றன. மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கி, நன்றாகக் கேட்கிறது என்று மாதக்கணக்கில் தொடரும் மாத்திரைகளில் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை. 0.75 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்குச் சமம். மாத்திரை சிறியது, அதனால் மருந்தும் கொஞ்சம்தான் என்று எண்ணுவது எத்தனை ஆபத்தானது என்று இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஸ்டீராய்டுக்கும் தசைத் தளர்ச்சிக்கும் உள்ள இந்த உறவு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அல்ல. அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1932-இல் விவரித்த நோயாளிகளுக்கு உடம்பே கார்டிசாலை மிகையாகச் சுரந்தது. முகமும் வயிறும் பருத்திருந்தாலும் அவர்கள் பலமிழந்திருந்தார்கள். 1948-இல் மேயோ கிளினிக்கில் மூட்டுவாத நோயாளிக்கு முதல்முறையாகக் கார்டிசோன் செலுத்தப்பட்டது. 1950-இல் அதற்கு நோபல் பரிசும் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், குஷிங் இயற்கையில் கண்ட தளர்ச்சியை மருத்துவர்கள் தங்கள் மருந்தின் விளைவாகவே பார்க்க வேண்டி வந்தது.

வேக இழை, நிதான இழை

ஒரு தசைக்குள் இரண்டு விதமான இழைகள் கலந்திருக்கின்றன. நிதான இழைகள் குறைந்த விசையில் நீண்ட நேரம் உழைப்பவை. நிற்பதற்கும் மெதுவாக நடப்பதற்கும் அவை போதும். வேக இழைகள் தடிமனானவை; சட்டென்று பெரிய விசை வேண்டும்போது மட்டும் வேலைக்கு வருபவை. நாற்காலியிலிருந்து எழ, படியேற, தரையிலிருந்து நிமிர அவை வேண்டும்.

ஸ்டீராய்டு மெலியச் செய்வது பெரும்பாலும் இந்த வேக இழைகளைத்தான். நிதான இழைகள் ஓரளவு தப்பித்துக்கொள்கின்றன. நாள் முழுதும் ஓயாமல் வேலை செய்வதே அவற்றுக்குக் காப்பு என்று நம்ப நல்ல ஆதாரம் இருக்கிறது. எதிர்ப்பு விசையோடு உழைக்கும் தசையில் புரதம் கட்டும் வேலை தூண்டப்படுகிறது. மாத்திரையின் கட்டளையை அது ஓரளவு ஈடுகட்டுகிறது. சிகிச்சையில் பயிற்சிக்கு இடம் கிடைப்பதும் இதனால்தான்.

பரிசோதனைகள் ஏன் மௌனமாக இருக்கின்றன என்பதும் இங்கேதான் விளங்குகிறது. தசை நோய் என்றால் மருத்துவர்கள் முதலில் கேட்பது சி.பி.கே என்னும் ரத்தப் பரிசோதனை. தசைச் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதி அது. செல்லின் சவ்வு கிழிந்தால் ரத்தத்தில் கசிந்து, அளவு எகிறும். ஸ்டீராய்டு தசைநலிவில் சவ்வு கிழிவதில்லை. இழை முழுசாக இருந்தபடியே இளைக்கிறது. கசிய எதுவும் இல்லாததால் சி.பி.கே இயல்பாகவே நிற்கிறது. தசையில் ஊசி செருகி மின்துடிப்பைப் பதியும் இ.எம்.ஜி சோதனையும் பெரும்பாலும் ஏமாற்றும். லேசாகத் தசையை இயக்கும்போது முதலில் துடிப்பவை நிதான இழைகள், அவைதான் கெடவில்லையே!

ஒரு நோயாளி, இரண்டு தளர்ச்சிகள்

இந்த நோயின் மிகச் சிக்கலான முகத்தைக் காட்ட ஒரு நோயாளியைக் கற்பனையாக எடுத்துக்கொள்கிறேன். எண்கள் மட்டும் நான் வைத்தவை. இப்படிப்பட்டவர்கள் மூட்டுவாத மருத்துவப் பிரிவுகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

52 வயது, 60 கிலோ எடையுள்ள பெண். இமைகளில் ஊதாச் சிவப்பு, விரல் முட்டிகளில் தடிப்பு. தலை வாரக் கை தூக்க முடியவில்லை. படுத்த நிலையில் தலையணையிலிருந்து தலையை எழுப்ப முடியவில்லை. விழுங்கும்போது தண்ணீர் புரையேறுகிறது. சி.பி.கே 4,800, இயல்பு 200-க்குள் இருக்க வேண்டும். இது டெர்மட்டோமயோசைட்டிஸ், அதாவது தோலையும் தசையையும் உடம்பின் தற்காப்புப் படையே தாக்கும் அழற்சி நோய். பிரெட்னிசொலோன் தினம் 60 மில்லிகிராம் தொடங்குகிறார்கள். ஆறு வாரத்தில் சி.பி.கே 150-க்கு இறங்குகிறது. தலை எழுகிறது, புரையேறுவது நிற்கிறது, ஜடை பின்னிக்கொள்கிறார்.

மூன்றாம் மாத முடிவில் மகள் வந்து சொல்கிறாள்: "டாக்டர், அம்மாவால பாத்ரூம்ல உட்கார்ந்தா எழுந்திரிக்கவே முடியல. போன மாசம்கூட நல்லாத்தான் இருந்தாங்க. நோய் திரும்பிடுச்சா? மாத்திரையைக் கூட்டணுமா?"

கேள்வி நியாயமானது. தவறான பதில் சொன்னால் விளைவு மோசம். தளர்ச்சிக்குக் காரணம் நோய் என்றால் மாத்திரையைக் கூட்ட வேண்டும். மாத்திரைதான் காரணம் என்றால் குறைக்க வேண்டும். ஒரே அறிகுறிக்கு எதிரெதிரான இரண்டு சிகிச்சைகள்.

மருத்துவர் முதலில் கழுத்தைப் பார்க்கிறார். படுத்த நிலையில் அந்த அம்மாள் தலையைத் தூக்கி, நெற்றியில் வைத்த கையை எதிர்த்து நிற்கிறார். அழற்சி திரும்பியிருந்தால் கழுத்தின் முன்தசைகள் பெரும்பாலும் மறுபடி தளர்ந்திருக்கும். ஸ்டீராய்டு அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. விழுங்குவதில் சிரமமில்லை. புதிய தோல் தடிப்பு இல்லை. முகம் உருண்டிருக்கிறது, தோள்பட்டைக்குப் பின்னால் கொழுப்பு திரண்டிருக்கிறது, தொடை மட்டும் ஒல்லியாக இருக்கிறது. சி.பி.கே 130. தொடையை எம்.ஆர்.ஐ எடுத்தபோது அழற்சியின் நீர்க்கோப்பு தெரியவில்லை. நோய் இயங்கிக்கொண்டிருந்தால் தசைக்குள் வெள்ளைத் திட்டுகளாக அது தெரிந்திருக்கும்.

சான்றுகள் மாத்திரையின் பக்கம் சாய்கின்றன. ஆனால் தனித்தனியாக எதுவும் இறுதியானதல்ல. டெர்மட்டோமயோசைட்டிஸில் சி.பி.கே ஏறாமலேயே நோய் இயங்குவதும் உண்டு. நோயும் மாத்திரையும் சேர்ந்தே தசையைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால் வேக இழைகள் இளைத்திருப்பது தெரியும். செல் சிதைவோ அழற்சிச் செல்களோ இருக்காது. ஆனால் அதே காட்சி நெடுநாள் படுக்கையில் கிடந்தவரிடமும் ஊட்டமில்லாதவரிடமும் உண்டு. ஆகவே கடைசித் தீர்ப்பு பெரும்பாலும் ஒரே வழியில்தான் கிடைக்கிறது. மாத்திரையைக் கவனமாகக் குறைத்து, தொடை என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

வேறு எதுவாக இருக்கலாம்

அதற்கு முன் சிலவற்றை விலக்க வேண்டும். நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது வைட்டமின் டி குறைவு. எலும்பு மென்மையாகி, இடுப்பு ஆட நடப்பதும் எழ முடியாததும் அதிலும் உண்டு. ஆனால் அங்கே எலும்பில் வலி இருக்கும். ரத்தத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் கூடியிருக்கும். தைராய்டு குறைவில் சி.பி.கே ஏறுவது வழக்கம். ஸ்டீராய்டோடு நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் இறங்கித் தசை தளரலாம். இதை ஒரே நாளில் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடலாம்.

ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால் நீரிழிவு நரம்பு நோயையும் யோசிக்க வேண்டும். அது வழக்கமாக ஒரு தொடையில் கடும் வலியோடு தொடங்கும். முழங்காலைத் தட்டினால் அனிச்சைத் துடிப்பு வராது. ஸ்டீராய்டு நலிவு இரண்டு தொடையிலும் சமமாக, வலியில்லாமல் வரும். தொடு உணர்வும் அனிச்சைத் துடிப்பும் மாறாது.

வலி என்ற இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு எடுக்கிறவருக்கு எழும்போது அரையிடுக்கில் வலித்தால் தசையைப் பழிசொல்லிக் காத்திருக்கக் கூடாது. இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்தம் போகாமல் எலும்பு இறக்கத் தொடங்கியிருக்கலாம். அதுவும் இதே மருந்தின் விளைவுதான். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐயில்தான் தெரியும்.

மாத்திரையைக் குறைக்கும்போது

நம் நோயாளிக்கு மருத்துவர் அசாதயோப்ரின் சேர்க்கிறார். அழற்சியை வேறு வழியில் அடக்கும் மருந்து அது. முழுப் பலன் தரப் பல மாதங்கள் எடுக்கும் என்பதால் ஸ்டீராய்டை ஒரேயடியாக வெட்டுவதில்லை. 60 மில்லிகிராம் நான்கு வாரத்தில் படிப்படியாக 40-க்கு வருகிறது, அடுத்த இரண்டு மாதத்தில் 20-க்கு, பிறகு இன்னும் மெதுவாக. வேறொருவர் டெக்ஸாமெத்தசோன் எடுத்துக்கொண்டிருந்தால் அதைச் சமமான பிரெட்னிசொலோனுக்கு மாற்றுவதே முதல் படியாக இருக்கும்.

காரணம் தெரிந்த வேகத்தில் சிலர் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். இது உயிருக்கே ஆபத்து. மாதக்கணக்கில் வெளியிலிருந்து கிடைத்ததால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிட்டிருக்கும். திடீரென மருந்து நின்றால் ரத்த அழுத்தம் விழும், வாந்தி வரும், ஒரு காய்ச்சலே ஆளைச் சாய்த்துவிடும். 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும் கட்டம்தான் மிகுந்த பொறுமையைக் கேட்கிறது.

குறைக்கும் வாரங்களில் மகள் ஒரு நோட்டில் இரண்டு விஷயங்களை எழுதிவருகிறாள்: எந்த உயரத்திலிருந்து அம்மா கைவைக்காமல் எழுகிறார், எத்தனை முறை எழுகிறார். தொடக்கத்தில் 45 சென்டிமீட்டர் நாற்காலியில் ஒருமுறைகூட முடியவில்லை. இரண்டு தலையணை போட்டு உயர்த்தினால் ஒருமுறை. நான்காம் வாரம் ஒரே தலையணையில் இரண்டு முறை. சி.பி.கே 130-லேயே நிற்கிறது, கழுத்து அப்படியே இருக்கிறது. தீர்ப்பு கிடைத்துவிட்டது. இதற்கு மாறாகக் கழுத்து தளர்ந்து, சி.பி.கே ஏறி, எழும் எண்ணிக்கையும் விழுந்திருந்தால் நோய் மீண்டுவிட்டது என்று பொருள். அப்போது குறைப்பதை நிறுத்தி வேறு திட்டம் போட வேண்டியிருக்கும்.

பலம் திரும்பும் வரிசை

மருந்து குறைந்த மூன்று நான்கு வாரங்களில் மாற்றம் தொடங்கும். முழுசாகத் திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம் வரை ஆகும். இழைகள் இறந்துபோகவில்லை, இளைத்து மட்டுமே இருக்கின்றன என்பதால் இந்த நலிவு பெரும்பாலும் மீளக்கூடியது. முதியவர்களிடமும் நெடுநாள் படுத்துக்கிடந்தவர்களிடமும் ஓரளவு குறை தங்கிவிடுவதுண்டு.

ஓய்வு இங்கே உதவாது. வேலையில்லாமல் கிடந்தால் மெலிவது வேக இழைகளுக்கு இன்னும் எளிது. இதய மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் பலர் ஸ்டீராய்டை எளிதில் விட முடியாதவர்கள். அவர்களில் எடை தூக்கும் பயிற்சி செய்தவர்கள் இழந்த தசையை மீட்டார்கள் என்று 1990-களில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மருந்தைக் குறைக்க வழியில்லாதவருக்கும் பயிற்சி பயன்படும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சியும் நாற்காலிதான். கைவைக்காமல் எட்டு முறை எழ முடிகிற அளவுக்கு இருக்கையை உயர்த்திக்கொண்டு, எட்டு எட்டாக இரண்டு சுற்று, வாரத்தில் மூன்று நாள். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்க வேண்டும். தசைக்குப் பாதி வேலை அதில்தான். பத்து முறை எளிதானதும் உயரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். ஸ்டீராய்டு முதுகெலும்பையும் பலவீனமாக்கியிருக்கும் என்பதால் குனிந்து பாரம் தூக்குவதும் இடுப்பைத் திருகுவதும் கூடாது. பக்கத்தில் பிடிக்க ஒரு மேஜையும், ஆரம்ப நாட்களில் ஓர் ஆளும் இருப்பது நல்லது.

தட்டையும் பார்க்க வேண்டும். 60 கிலோ உடம்புக்கு நாளொன்றுக்கு 60 முதல் 70 கிராம் புரதம் தேவை. காலையில் இட்லி, மதியம் சோறும் ரசமும், இரவில் தோசை என்றால் அதன் அருகில்கூட வராது. இரண்டு முட்டையில் 12 கிராம், இரண்டு டம்ளர் பாலில் 12 முதல் 14 கிராம், கெட்டியான பருப்பு ஒரு கிண்ணத்தில் 8 கிராம் அளவுக்கு, அதோடு மாலையில் சுண்டல், முடிந்தால் மீன் என்று சேர்த்தால்தான் கணக்கு நெருங்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்ட பிறகே கூட்ட வேண்டும்.

பலம் திரும்புவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் உயரமான நாற்காலி, பிறகு கட்டில் விளிம்பு, பிறகு கைப்பிடி இல்லாமல் மாடிப்படி. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவதும் குத்த வைக்கும் கழிப்பறையும் கடைசியில்தான் வரும். அதுவரை வெஸ்டர்ன் டாய்லெட்டும் சுவரில் ஒரு பிடிகம்பியும் வேண்டும். நம் நோயாளி ஐந்தாம் மாதம் மாடி ஏறினார். ஒன்பதாம் மாதம், மாத்திரை 7.5 மில்லிகிராமில் இருக்கும்போது, ஒரு கையை முழங்காலில் ஊன்றித் தரையிலிருந்து எழுந்தார். கை ஊன்றாமல் எழ இன்னும் முடியவில்லை. நோட்டு தொடர்கிறது. நோய் என்றாவது திரும்பி மாத்திரையைக் கூட்ட நேர்ந்தால், அதற்கு முந்தின நாள் தொடை எந்த நிலையில் இருந்தது என்று மருத்துவரிடம் காட்ட எண்கள் அதில் இருக்கும்.